45 டிகிரி காட்டிய லக்

கோவைப் பக்கத்தில் ஒரு லேத் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். மதியம் பன்னிரண்டு மணி, எல்லா மிஷினும் ஓடிக்கொண்டிருக்கிறது. மெயின் பேனலின் கதவைத் திறந்துவைத்து, ஓரடி தள்ளி இரண்டு எலெக்ட்ரீஷியன்கள் நிற்கிறார்கள். இளையவர் கையில் ஒரு போன். சார்ஜர் மாட்டும் துளையில் தீப்பெட்டி அளவில் ஒரு சின்னக் கருவி செருகியிருக்கிறது. அதுதான் தெர்மல் கேமரா.

அவர் பார்ப்பது மெயின் பிரேக்கருக்குக் கீழே மூன்று கேபிள்கள் வந்து சேரும் இடம். ஒவ்வொரு கேபிளின் நுனியிலும் ஈயம் பூசிய செம்பு லக் அழுத்தி, போல்ட் போட்டு முறுக்கியிருக்கிறது. முதல் ஃபேஸ் லக்கில் திரையின் குறியை வைத்தால் 38 டிகிரி. இரண்டாவதில் 38. மூன்றாவதான பி ஃபேஸில் 45.

“எல்லாம் நார்மல்தாங்ணா. பி ஃபேஸ் மட்டும் ஏழு டிகிரி கூட. 45 எல்லாம் ஒரு சூடா?”

“லக்க விடு தம்பி. கேபிள் தோல் மேல வெச்சுப் பாரு.”

லக்கிலிருந்து ஓர் அங்குலம் கீழே, கேபிளின் பி.வி.சி. உறைமேல் குறியை நகர்த்துகிறார். முதல் கேபிள் 48. இரண்டாவது 47. மூன்றாவது 71.

இளையவருக்குக் குழப்பம். சூடு கிளம்புகிற இடம் லக்கின் இணைப்பு என்றால், அங்கே 45தான் இருக்கும்போது ஓர் அங்குலம் தள்ளி 71 எப்படி வரும்? நல்ல நிலையில் உள்ள முதல் ஃபேஸிலும் அதே விசித்திரம்: லக் 38, அதோடு ஒட்டிய கேபிள் 48. அடுப்பைவிடப் பாத்திரம் சூடாக இருக்கிறது என்று சொல்வது போல இருக்கிறது.

கருவி பழுதாகவில்லை. இரண்டு எண்களையும் அது நேர்மையாகத்தான் கணக்குப் போட்டுச் சொன்னது. கணக்குக்கு அது எடுத்துக்கொண்ட அனுமானம்தான் கேபிள் உறைக்குப் பொருந்தியது, லக்குக்குப் பொருந்தவில்லை.

அந்த அனுமானத்தைப் புரிந்துகொள்ள பேனலுக்குப் போக வேண்டாம், சமையலறை போதும். பளபளப்பான ஒரு எவர்சில்வர் டம்ளரின் வெளிப்பக்கத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு விரல் அகலத்துக்கு ஒட்டுங்கள். டம்ளர் நிறைய சுடுதண்ணீர் ஊற்றி, ஒரு நிமிஷம் கழித்து தெர்மல் கேமராவில் பாருங்கள். தண்ணீர் 80 டிகிரி என்றால், டேப் ஒட்டிய இடம் எழுபதுகளின் கடைசியைக் காட்டும். பக்கத்தில் உள்ள வெறும் எவர்சில்வர், பளபளப்பைப் பொறுத்து 40, 45 என்று காட்டும். இரண்டு இடத்தின் நிஜச் சூடும் ஏறக்குறைய ஒன்றுதான். கேமராவுக்கு மட்டும் டம்ளர் ஆறிப்போன காபி.

இந்தச் சோதனைக்கு இருநூறு வயது தாண்டிவிட்டது. ஸ்காட்லாந்துக்காரரான ஜான் லெஸ்லி ஒரு கனசதுரப் பாத்திரத்தில் சுடுநீர் ஊற்றி, அதன் ஒரு பக்கத்தை மெருகேற்றியும் இன்னொரு பக்கத்தைக் கறுப்பாக்கியும் எது அதிக வெப்பக் கதிரை வீசுகிறது என்று அளந்தார். 1804இல் அதை நூலாகவும் வெளியிட்டார். உள்ளே இருப்பது ஒரே தண்ணீர்தான், ஆனாலும் கறுத்த பக்கம் தாராளமாக வீசியது, மெருகிட்ட பக்கம் கஞ்சத்தனம் காட்டியது. இயற்பியல் வகுப்புகளில் லெஸ்லி கனசதுரம் இன்றைக்கும் உண்டு.

தாராளமா, கஞ்சமா என்று சொல்லும் எண்தான் உமிழ்திறன். கேமரா செட்டிங்கில் `Emissivity` என்றோ `ε` என்றோ இருக்கும். ஒரு பொருள் குறிப்பிட்ட சூட்டில் அதிகபட்சம் எவ்வளவு அகச்சிவப்புக் கதிரை வீச முடியுமோ, அதில் எத்தனை பங்கை உண்மையில் வீசுகிறது என்பதே அது. முழுதாக வீசினால் 1. மனிதத் தோல் கிட்டத்தட்ட 0.98. கறுப்பு இன்சுலேஷன் டேப் 0.95 அளவில். பெயின்ட் அடித்த இரும்பு, பேக்லைட், பி.வி.சி. எல்லாம் 0.9ஐ ஒட்டி வரும். மெருகிட்ட செம்பு 0.05க்கும் கீழே போகலாம். அதே செம்பு நாள்பட்டுக் கறுத்தால் 0.6, 0.7 வரை ஏறிவிடும்.

நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். கறுப்பு டேப் நன்றாகத் தெரிகிறது என்றால் வெள்ளை டேப் மோசமாகத் தெரியுமோ என்று சந்தேகம். அப்படி இல்லை. இந்தக் கேமராக்கள் பார்க்கும் அகச்சிவப்பு, 8 முதல் 14 மைக்ரான் வரை அலைநீளம் கொண்டது, கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் போல பத்து மடங்குக்கும் மேல் நீளம். அந்த அலைநீளத்தில் வெள்ளை பெயின்டும் கறுப்பு பெயின்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பஸ்பார் மேல் மாட்டும் சிவப்பு, மஞ்சள், நீல ஸ்லீவ் மூன்றும் கேமராவுக்கு ஒரே நிறம். அதற்கு முக்கியம் மேல்தோல் உலோகமா இல்லையா என்பதே.

உலோகத்திடம் இன்னொரு கோளாறும் உண்டு. ஒளி ஊடுருவாத ஒரு பொருள் எவ்வளவு குறைவாக வீசுகிறதோ, அவ்வளவு அதிகமாகத் திருப்பி அனுப்பும். உமிழ்திறன் 0.15 உள்ள ஒரு லக்கிலிருந்து கேமராவுக்கு வரும் கதிரில் லக்கினுடைய சொந்தச் சூட்டின் பங்கு கொஞ்சம்தான். மீதி, எதிரில் உள்ள பேனல் கதவு, சுவர், பார்த்துக்கொண்டிருக்கும் ஆள் ஆகியவற்றிலிருந்து கிளம்பி லக்கில் பட்டுத் திரும்பியது. அகச்சிவப்பு உலகத்தில் அந்த லக் ஒரு கண்ணாடி. கண்ணாடியைப் பார்த்துக் கண்ணாடியின் சூட்டைச் சொல்லச் சொன்னால் கேமரா என்ன செய்யும்?

இப்போது பட்டறைக்குத் திரும்புவோம். பேனல் அறையின் சூடு 36 டிகிரி. ஆப்பில் உமிழ்திறன் 0.95 என்று இருக்கிறது, பெரும்பாலான கருவிகள் வாங்கும்போதே அதை ஒட்டிய எண்ணில்தான் வரும். பி ஃபேஸ் லக்கின் நிஜச் சூடு 85 டிகிரி, அதன் உமிழ்திறன் 0.15 என்று கணக்கிட்டால், திரையில் வரவேண்டிய எண் 45. நல்ல லக்கின் நிஜச் சூடு 50, திரையில் 38. இளையவர் பார்த்தது அச்சாக அதைத்தான். நிஜத்தில் 35 டிகிரியாக இருந்த வித்தியாசம் திரைக்கு வரும்போது ஏழாகச் சுருங்கிவிட்டது.

இந்தச் சுருக்கம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. மின்சாதனச் சோதனைக்காக நீட்டா என்ற அமெரிக்க அமைப்பு வெளியிட்டுள்ள தரநிலையை உலகம் முழுக்கத் தெர்மல் சோதனை செய்பவர்கள் கையாளுகிறார்கள். ஒரே மாதிரியான இரண்டு பாகங்கள், ஒரே மாதிரி லோடில் இருக்கும்போது, இடையே உள்ள வித்தியாசம் 1 முதல் 3 டிகிரி என்றால் கவனித்துப் பார்க்கலாம். 4 முதல் 15 என்றால் கோளாறு இருக்க வாய்ப்பு உண்டு, நேரம் கிடைக்கும்போது சரி செய்யலாம். 15ஐத் தாண்டினால் பெரிய கோளாறு, உடனே சரி செய்ய வேண்டும். திரை காட்டிய 7, இரண்டாம் வகுப்பு. நிஜமான 35, கடைசி வகுப்பு.

அப்படியென்றால் செட்டிங்கில் போய் 0.95ஐ 0.15 என்று மாற்றிவிட்டால் ஆயிற்றே என்று தோன்றும். ஆப்கள் அந்த வசதியைத் தரத்தான் செய்கின்றன. சிலவற்றில் எண்ணையே போடலாம். ஃப்ளிர் ஒன் கருவியின் ஆப்பில் `Matte`, `Semi-Matte`, `Semi-Glossy`, `Glossy` என்று நான்கு தேர்வுகள். அவற்றுக்கான உமிழ்திறன் முறையே 95, 80, 60, 30 சதவீதம். நம் லக் அந்தக் கடைசித் தேர்வுக்கும் கீழே கிடக்கிறது.

எண்ணையே போட முடிகிற ஆப் என்றாலும், அந்த 0.15 எங்கிருந்து வரும்? லக்கின் மேல் எழுதி ஒட்டியிருப்பதில்லை. பட்டியலைப் பார்த்தால் ஈயம் பூசிய செம்புக்கு ஏதோ ஓர் எண் இருக்கும், ஆனால் இந்த லக் எத்தனை வருஷம் பழசு, எவ்வளவு மங்கியிருக்கிறது, எண்ணெய்ப் படலம் படிந்திருக்கிறதா என்பது பட்டியலுக்குத் தெரியாது. நிஜத்தில் 0.15 உள்ள லக்குக்கு 0.10 என்று போட்டால், 85 டிகிரி லக் 103 என்று காட்டும். 0.20 என்று போட்டால் 74. ஒரு யூகம் சற்றே பிசகினால் கிட்டத்தட்ட முப்பது டிகிரி ஊஞ்சல்.

எதிரில் உள்ள பொருள்களின் சூட்டையும் கேமராவுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும். அதில் மூன்று டிகிரி பிசகினாலே விடை பத்து டிகிரிக்கும் மேல் தள்ளிப்போகும், ஏனென்றால் சொற்பமான உண்மையைப் பெருக்கும்போது பிழையும் சேர்ந்தே பெருகுகிறது. இதனால்தான் அனுபவசாலிகள் உமிழ்திறன் 0.5, 0.6க்குக் கீழே உள்ள பரப்புகளில் வந்த டிகிரியை அறிக்கையில் எழுதத் தயங்குவார்கள். செட்டிங்கை 0.95இலேயே விட்டுவிட்டு, அந்த எண்ணுக்குப் பொருந்தும் பரப்பைத் தேடிப் போவது அவர்கள் வழி.

மூத்த எலெக்ட்ரீஷியன் “கேபிள் தோல் மேல வெச்சுப் பாரு” என்றது அதைத்தான். பி.வி.சி. உறை 0.9க்கு மேல் வீசும், அதன் எண்ணை நம்பலாம். லக்கின் சூடு செம்புக் கம்பி வழியாகக் கீழே இறங்கி உறைக்கு வந்து சேரும்போது சற்றுக் குறைந்திருக்கும். ஆகவே 71 என்பது லக்கின் சூடு அல்ல, லக் குறைந்தது இவ்வளவாவது சுடுகிறது என்பதற்கான சாட்சி. அந்த எண்ணிலேயே இன்னொரு சேதியும் இருக்கிறது. சாதாரண பி.வி.சி. கேபிளின் கம்பி தொடர்ந்து தாங்கும் வரம்பு 70 டிகிரி. உறையின் வெளிப்புறமே 71 என்றால் உள்ளே கம்பி வரம்பைக் கடந்து நிற்கிறது, உறை விறைத்து வெடிக்கத் தொடங்கும் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது.

கேபிள் உறை கிடைக்காத இடத்தில் வேறு இடம் தேடலாம். பஸ்பாரில் ஸ்லீவ் முடியும் விளிம்பு, பிரேக்கரின் பிளாஸ்டிக் உடலில் டெர்மினலை ஒட்டிய பகுதி, பெயின்ட் அடித்த தகடு ஆகியவை நல்ல சாட்சிகள். வெறும் உலோகத்திலேயேகூட ஓர் இடுக்கு, போல்ட்டின் தலைக்குழி, இரண்டு தகடுகள் சேரும் சந்து இருந்தால், அது சுற்றிலும் உள்ள தட்டையான பரப்பைவிட உண்மைக்கு நெருக்கமாகக் காட்டும். குழிக்குள் கதிர் பலமுறை பட்டுத் திரும்பி வெளியே வருவதால், குழி தன் பரப்பைவிட அதிக உமிழ்திறன் கொண்டதுபோல நடந்துகொள்கிறது. தட்டை இடம் 42, குழி 58 என்று வந்தால், குழியை நம்புவது நல்லது.

உலோகக் கண்ணாடியால் வரும் பிசகு எப்போதும் சூட்டைக் குறைத்துத்தான் காட்டும் என்பதில்லை. தகரக் கூரை போட்ட பட்டறைகளில் சித்திரை மதியத்தில் கூரை அறுபது டிகிரியைத் தொடும். பேனல் திறந்திருக்க, கிடைமட்டமாக ஓடும் புத்தம்புது பஸ்பாரை மேலிருந்து சாய்வாகப் பார்த்தால், அதில் கூரை தெரியும். பஸ்பாரின் ஒரு பகுதி திகுதிகுவென்று எரிவதுபோல் திரையில் வெள்ளை அடிக்கும். குளிரூட்டிய அறையில் உள்ள பேனலில் பார்க்கிறவரின் முகமே மங்கலான சூடான கறையாக விழும். இதைக் கண்டுபிடிக்க நின்ற இடத்திலிருந்து அரையடி பக்கவாட்டில் நகர்ந்தால் போதும். நிஜமான சூடு அதே போல்ட்டின் மேல் அசையாமல் இருக்கும். பிம்பம் பார்க்கிறவரோடு சேர்ந்து நகரும், அல்லது காணாமல் போகும். ஒரே இடத்தை இரண்டு கோணத்தில் பார்க்காமல் எந்தப் பளபளப்பின் மேலும் தீர்ப்பு சொல்லக் கூடாது.

போனில் செருகும் கருவிகளுக்கே உரிய இன்னொரு வம்பு, புள்ளிக் கணக்கு.

2014இல் போனுக்கான தெர்மல் கருவிகள் முதலில் சந்தைக்கு வந்தன. இன்றைக்கு விலைக்கேற்ப 80×60, 160×120, 256×192 என்று புள்ளிகள் கொண்டவை கிடைக்கின்றன. போனின் சாதாரணக் கேமராவில் கோடிக்கணக்கில் புள்ளிகள் இருக்கும்போது 160×120இல் இருப்பது வெறும் 19,200. அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் மிக நுண்ணிய ஒரு தகடு. கதிர் பட்டால் அது லேசாகச் சூடாகி, மின்தடை மாறும். அந்த மாற்றத்தைத்தான் கருவி படிக்கிறது.

இப்படி ஒரு 160×120 கருவி ஏறத்தாழ 55 டிகிரி அகலத்துக்குப் பார்க்கிறது என்று வையுங்கள். ஒரு மீட்டர் தள்ளி நின்றால் அது பார்க்கும் அகலம் ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டும். அதை 160 ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கு ஆறரை மில்லிமீட்டர். ஒரு எம்.சி.பி.யின் டெர்மினல் ஸ்க்ரூ தலையே அவ்வளவுதான். ஒரு புள்ளிக்குள் பாதி ஸ்க்ரூ, பாதி பக்கத்துப் பிளாஸ்டிக் என்று விழுந்தால், கருவி இரண்டையும் கலந்து சராசரியைச் சொல்லும். 90 டிகிரி ஸ்க்ரூவும் 40 டிகிரி பிளாஸ்டிக்கும் சேர்ந்து அறுபதுகளில் ஓர் எண். நம்பும்படி அளக்க வேண்டுமானால் பொருள் குறைந்தது மூன்றுக்கு மூன்று புள்ளிகளாவது நிறைக்க வேண்டும். அதாவது ஒரு மீட்டர் தூரத்தில் இரண்டு செ.மீ. பொருள், 30 செ.மீ. தூரத்தில் ஆறு மி.மீ. பொருள்.

படத்தைப் பார்த்தால் இந்தக் குறை தெரியாது. பல கருவிகளில் பக்கத்தில் ஒரு சாதாரணக் கேமராவும் இருக்கிறது. அது எடுத்த படத்தின் விளிம்புக் கோடுகளைத் தெர்மல் படத்தின் மேல் ஏற்றிக் காட்டுவார்கள். ஸ்க்ரூவின் வெட்டு, பிரேக்கரின் எழுத்து எல்லாம் துல்லியமாகத் தெரியும். பார்ப்பவர், சூடும் அவ்வளவு துல்லியமாக அளக்கப்பட்டிருக்கிறது என்று நம்பிவிடுவார். கோடுகள் கூர்மை, சூடு மொழுக்கை. அந்த மேற்பூச்சை அணைத்துவிட்டு வெறும் தெர்மல் படத்தைப் பார்த்தால்தான் கருவி உண்மையில் எவ்வளவு பார்க்கிறது என்று புரியும். கிட்டத்தில் போகும்போது இரண்டு கேமராவுக்கும் இடையே உள்ள இடைவெளியால் கோடுகள் ஒரு பக்கம், சூடு ஒரு பக்கம் விலகி நிற்கும். பக்கத்து எம்.சி.பி.யைக் கழற்றி மாற்றிவிட்டு, கோளாறு தீரவில்லையே என்று விழிக்கும் சம்பவங்களுக்கு இது ஒரு காரணம்.

சரி, கிட்டத்தில் போய் அளக்கலாமே என்றால் அங்கேதான் ஆபத்து. 400 வோல்ட் ஓடும் திறந்த பேனலுக்கு ஓரடியில் கையை நீட்டி நிற்பது, அதற்குப் பயிற்சியும் பாதுகாப்பு உடையும் உள்ளவர்கள் செய்யவேண்டிய வேலை. பஸ்பார்களுக்கு இடையே ஏதாவது விழுந்து ஷார்ட் ஆனால் கிளம்பும் மின்வில், நொடியின் சிறு பகுதியில் முகத்தையும் கையையும் சுட்டுவிடும். போனின் துளையில் ஒற்றைப் பிடிமானத்தில் தொங்கும் கருவி, கைதவறினால் முதலில் விழுவதே அதுதான். ஆகவே இந்தக் கருவியைக் கொண்டு திறந்த பேனலில் செய்யக்கூடியது, பாதுகாப்பான தூரத்திலிருந்து லக், கேபிள், பிரேக்கர் உடல் போன்ற பெரிய பொருள்களை ஒப்பிடுவது. சிறு ஸ்க்ரூக்களைத் தனித்தனியாக அளக்க, புள்ளிகள் அதிகமுள்ள, தூரத்திலிருந்து நெருக்கிக் காட்டும் லென்ஸ் உள்ள கேமரா வேண்டும். வீட்டுக்காரர்கள் டி.பி. பாக்ஸின் மூடியைத் திறக்காமல், வெளியே தெரியும் எம்.சி.பி. முகப்புகளை ஒப்பிடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். முன்னால் அக்ரிலிக் கதவு இருந்தால் அதையாவது திறக்க வேண்டியிருக்கும். கண்ணுக்கு ஊடாகத் தெரியும் அக்ரிலிக்கும் கண்ணாடியும் இந்த அலைநீளத்துக்குச் சுவர். அவற்றின் வழியாக எடுத்த படம், அவற்றின் மேல்பரப்புச் சூட்டைத்தான் காட்டும்.

அப்படி வெளியிலிருந்து பார்த்து, வாட்ஸ்அப்பில் “பாக்ஸ் பூரா சிவப்பா இருக்கு, என்ன செய்ய?” என்று எலெக்ட்ரீஷியனுக்குப் படம் அனுப்புபவர்கள் பலர். சிவப்புக்கு ஒரு நிலையான டிகிரி கிடையாது. கேமரா தானாகவே படத்தில் உள்ள மிகக் குளிர்ந்த இடத்தைக் கருநீலமாகவும், மிகச் சூடான இடத்தை வெள்ளை, சிவப்பாகவும் பூசும். படத்தில் எல்லாமே 31க்கும் 34க்கும் நடுவில் இருந்தாலும் 34க்குச் சிவப்பு கிடைத்துவிடும். அதே பேனலில் ஓர் ஓரத்தில் சுடச்சுட ஒரு பல்பு வந்துவிட்டால், நிஜமாகவே கோளாறான பிரேக்கர் நீலத்துக்குப் போய்விடும். பக்கத்தில் உள்ள அளவுகோலின் இரண்டு முனை எண்களைப் படிக்காமல் நிறத்தைப் படிப்பது வீண். ஆப்பில் அந்த வீச்சைப் பூட்டிவைக்க வசதி இருந்தால், மூன்று ஃபேஸையும் ஒரே வீச்சில் எடுத்து ஒப்பிடலாம்.

பட்டறையில் மூத்தவர் அடுத்துச் செய்தது, டாங் டெஸ்டரை எடுத்து மூன்று கேபிளிலும் மாட்டியது. 62, 60, 61 ஆம்பியர். இது இல்லாமல் ஒப்பீடே செல்லாது. பி ஃபேஸில் மட்டும் கரண்ட் இரட்டிப்பாக ஓடியிருந்தால் அந்தச் சூடு லோடு சமமில்லாததால் வந்தது, லூஸ் கனெக்ஷனால் வந்ததல்ல. ஸ்பேனரால் அது தீராது. மாறாக ஒரு ஃபேஸ் மட்டும் சில்லென்று இருந்தால், மற்ற இரண்டும் சூடு என்று பதறக் கூடாது. ஃபியூஸ் போய், கரண்டே ஓடாத ஃபேஸ்தான் குளிர்ந்திருக்கும்.

மூன்றிலும் ஒரே கரண்ட், சூடு மட்டும் ஒன்றில் அதிகம். அப்படியானால் அந்த இணைப்பில் தடை கூடியிருக்கிறது. தடை இரண்டு மில்லி ஓம் என்று எடுத்துக்கொண்டால், 60 ஆம்பியரில் அங்கே வீணாகும் மின்சாரம் ஏழு வாட். ஓர் எல்.இ.டி. பல்பு எடுக்கும் மின்சாரம் முழுவதும் பெருவிரல் நகம் அளவு இடத்தில் சூடாக மாறுகிறது. இந்தச் சூடு கரண்டின் இருமடிக்கு ஏற்ப ஏறும், இறங்கும். ஞாயிற்றுக்கிழமை பாதி மிஷின் ஓடும்போது 30 ஆம்பியரில் அதே இணைப்பு இரண்டு வாட்டைக்கூடத் தொடாது. 35 டிகிரியாக இருந்த கூடுதல் சூடு ஒன்பதை ஒட்டி இறங்கிவிடும், வெறும் லக்கில் அது ஓரிரு டிகிரியாகத் தெரியும். விடுமுறை நாளில் சோதித்துவிட்டு “எல்லாம் பச்சை” என்று எழுதிக்கொடுக்கும் அறிக்கைகள் இப்படித்தான் பிறக்கின்றன. அமெரிக்காவின் மின்பராமரிப்புத் தரநிலையான என்.எஃப்.பி.ஏ. 70பி, லோடு குறைந்தது 40 சதவீதமாவது இருக்கும்போது பார்க்கச் சொல்கிறது. உச்ச லோடில் பார்ப்பது இன்னும் நல்லது. படத்தோடு அன்றைய ஆம்பியரையும் எழுதிவைக்காவிட்டால் அடுத்த மாதப் படத்தோடு ஒப்பிட வழியில்லை.

சாயங்காலம் ஷட்டவுன் எடுத்து, மின்சாரம் இல்லை என்று டெஸ்டரில் உறுதி செய்துகொண்டு போல்ட்டைத் திறந்தார்கள். ஸ்பிரிங் வாஷர் சூட்டில் தன் விறைப்பை இழந்து தட்டையாகிவிட்டிருந்தது. லக்கின் அடிப்பரப்பில் ஈயப்பூச்சு கருகி, செம்பு பழுப்பேறியிருந்தது. அதை அப்படியே இறுக்கிவிட்டால் ஒரு மாதம் தாங்கும், பிறகு அதே கதைதான், கறுத்த பரப்பின் தடை இறுக்கத்தால் போய்விடாது. விறைத்த உறையோடு கேபிள் நுனியை வெட்டிவிட்டு, புது லக் அழுத்தி, பிரேக்கர் டெர்மினலின் முகத்தைச் சுத்தம் செய்து, புது வாஷர் போட்டு, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சில் முறுக்கினார்கள்.

பேனலை மூடுவதற்கு முன் மூத்தவர் இன்னொரு வேலையும் செய்தார். மூன்று லக்குகளின் கழுத்திலும், போல்ட் அழுத்தும் இடத்தைத் தொடாமல், கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றினார்.

“இது எதுக்குங்ணா?”

“அடுத்த தடவ நீ லக்குலயே வெச்சுப் பாக்கலாம்.”

டேப்பின் அகலம் 19 மி.மீ. அரை மீட்டர் தூரத்திலிருந்து பார்த்தால் ஐந்தாறு புள்ளிகள் அதற்குள் விழும், மூன்றுக்கு மூன்று என்ற கணக்குக்குத் தாராளம். செட்டிங் 0.95இலேயே இருக்கலாம். மறுநாள் பன்னிரண்டு மணிக்கு, அதே 60 ஆம்பியரில், இளையவர் மறுபடி குறியை வைத்தார். டேப்பின் மேல் 50, 49, 50. அதே லக்கின் டேப் ஒட்டாத பாகத்துக்குக் குறியை ஒரு விரல்கடை நகர்த்திப் பார்த்தார். திரையில் 38 என்று வந்தது.